காருக்கு நாலு பேர் ரெடி... யாரை எங்கே, எந்த வரிசையில் ஏற்றுவது? திருவேங்கடம் - சங்கரன்கோவில் ரூட்டை வைத்து ஒரு கணக்கு

"சார், நம்ம வீடு மெயின் ரோட்டுல இருந்து ஒரு கிலோமீட்டர்தான். ஒரு நிமிஷம் உள்ள வந்துட்டுப் போயிடலாமே?"

ஆபீஸில் நான்கு பேர் சேர்ந்து ஒரே காரில் போய் வரலாம் என்று முடிவெடுத்த முதல் வாரத்தில் கட்டாயம் வரும் வசனம் இது. கேட்பவர் தப்பாக எதுவும் கேட்கவில்லை. ஒரு கிலோமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர்தான். ஆனால், அந்த ஒரு கிலோமீட்டர் வழியில் எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து அதன் விலை மாறும். பெட்ரோலில் இல்லை, காருக்குள் இருப்பவர்களின் நேரத்தில்.

2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானபோது அதற்குள் வந்த எட்டு தாலுகாக்களில் திருவேங்கடமும் ஒன்று. மாவட்டத்தின் வடகிழக்கு ஓரம், கரிசல் காடு. தாலுகா தலைநகர் என்றாலும் வேலைக்கு, கடைகண்ணிக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று பலருக்கும் சங்கரன்கோவில்தான் போக வேண்டியிருக்கிறது. சுமார் 20 கிலோமீட்டர். இந்த ரூட்டில் நான்கு பேர் ஒரு காரைப் பகிர்ந்துகொண்டால் யாரை எங்கே ஏற்றுவது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களும் எண்களும் உதாரணத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் வண்டி, உங்கள் ரோடு, உங்கள் மீட்டர் காட்டும் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாலு பேர், மூணு விதமான வீடு

சங்கரன்கோவிலில் ஒரே ஆபீஸ். காலை 9.30-க்கு உள்ளே இருக்க வேண்டும்.

கார்காரர் திருவேங்கடத்தில், சங்கரன்கோவில் ரோட்டை ஒட்டியே இருக்கிறார். இன்னொருவரை வடக்குத்தெரு அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். அவரும் திருவேங்கடம்தான். ஆனால் கார்காரர் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் பின்னால், அதாவது சங்கரன்கோவிலுக்கு எதிர்த் திசையில் இருக்கிறார். மூன்றாவது, விலக்கு மேடம். தென்மாவட்டக்காரர்களுக்குத் தெரியும், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் ரோடு பிரிகிற இடத்துக்குப் பெயர் 'விலக்கு'. எட்டாவது கிலோமீட்டரில் அப்படி ஒரு விலக்கு. அதிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் உள்ளே மேடத்தின் ஊர். நான்காவது, கடைசி ஸ்டாப் சார். பதினாறாவது கிலோமீட்டரில், சங்கரன்கோவில் நெருங்கும் இடத்தில், ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே அவர் வீடு. மேலே வசனம் பேசியது இவர்தான்.

எல்லோரையும் வீட்டு வாசலிலேயே ஏற்றினால் என்ன ஆகும்? அண்ணனுக்காகப் போக 1, வர 1, ஆக 2 கி.மீ. மேடத்துக்காக உள்ளே இரண்டரை, வெளியே இரண்டரை, ஆக 5. சாருக்காக 2. மொத்தம் 9 கி.மீ. கூடுதல். 20 கிலோமீட்டர் பயணம் 29 ஆகிவிடும்.

லிட்டருக்கு 15 கி.மீ., பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், போக வர கூடுதலாக ஓடும் 18 கிலோமீட்டருக்கு 120 ரூபாய். மாதம் 25 நாள் வேலை என்றால் 3,000 ரூபாய். செலவைக் குறைக்கத்தான் கூட்டு சேர்ந்தோம். அந்தச் செலவு சத்தமில்லாமல் இப்படித் திரும்பி வருகிறது.

நேரமும் அப்படித்தான். மெயின் ரோட்டில் 20 கிலோமீட்டருக்கு 30 நிமிடம். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் 2 நிமிடம் என்று மூன்று ஸ்டாப்புக்கு 6. ஆக, எல்லோரும் ரோட்டுக்கு வந்து நின்றால் 36 நிமிடம். ஊருக்குள் தெருவில் 2 கிலோமீட்டருக்கு 6 நிமிடம், கிராமத்து ரோட்டில் 5 கிலோமீட்டருக்கு 12 நிமிடம் என்று சேர்த்தால், வாசலுக்கு வாசல் போக சரியாக ஒரு மணி நேரம்.

எட்டுவது ஒரே தூரம், ஆனால் ஒரே விலை இல்லை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். அண்ணன் வீட்டுக்குப் போய் வரவும் 2 கி.மீ., 6 நிமிடம். கடைசி ஸ்டாப் சார் வீட்டுக்குப் போய் வரவும் அதே 2 கி.மீ., அதே 6 நிமிடம். அப்போ ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. அண்ணனை ஏற்றப் போகும்போது காரில் இருப்பது கார்காரர் ஒருவர் மட்டும். அவருடைய 6 நிமிடம்தான் போகிறது. சாரை ஏற்ற உள்ளே திரும்பும்போது காரில் ஏற்கெனவே மூன்று பேர். மூவருக்கும் ஆளுக்கு 6 நிமிடம், மொத்தம் 18. மேடத்தின் ஊருக்குப் போகும்போது காரில் இரண்டு பேர், ஆளுக்கு 12 நிமிடம், மொத்தம் 24.

இந்தப் பெருக்கலை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. 'அவருக்கும் ஒரு கிலோமீட்டர், இவருக்கும் ஒரு கிலோமீட்டர், அவர் வீட்டுக்கு மட்டும் போறீங்க' என்று மனஸ்தாபம் இங்கேதான் ஆரம்பிக்கும். (நானும் ஒரு காலத்தில் கடைசி ஸ்டாப் ஆள்தான். அந்த வருத்தம் தெரியும். அப்போது இந்தக் கணக்கு தெரியாது.) ஆபீஸுக்குக் கிட்டே வரவர கார் நிரம்பிவிடுகிறது, அதனால் கிட்டே இருக்கும் வளைவுதான் எல்லோருக்கும் செலவு அதிகமான வளைவு. ஆக, ரோட்டுக்கு நடந்தோ பைக்கிலோ வந்து ஏற வேண்டியவர் முதலில் கடைசி ஸ்டாப் சார்தான். அதற்கு அடுத்து மேடம். அண்ணனை வாசலிலேயே ஏற்றிக்கொள்ளலாம், கார்காரருக்குச் சம்மதம் என்றால். இழப்பு அவர் ஒருவருடையது என்பதால் முடிவும் அவருடையது. இல்லை என்றால், அண்ணன் கார்காரர் வீட்டுக்கே வந்து ஏறட்டும்.

மாலையில் வரிசை தலைகீழாகிவிடுமே, கணக்கும் மாறாதா என்று கேட்கலாம். மாறாது. மாலையில் முதலில் இறங்குவது சார். அவரை வீட்டில் விட உள்ளே போனால், மிச்சம் மூன்று பேரும் காரில்தான் இருப்பார்கள். அண்ணனை விடப் போகும்போது கார்காரர் மட்டும்தான்.

ஏற்றும் வரிசையில் நமக்கு சாய்ஸ் உண்டா?

நான்கு பேரில் ஒருவர் ஓட்டுகிறார் என்றால் ஏற்ற வேண்டியது மூன்று பேரை. மூன்று பேரை ஆறு விதமான வரிசையில் ஏற்றலாம். பெரிய ஊரில், வீடுகள் நாலா பக்கமும் சிதறிக்கிடந்தால் ஆறையும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். கூகுள் மேப்ஸில் ஸ்டாப்களைச் சேர்த்து, விரலால் மேலே கீழே நகர்த்தி, மொத்த நேரத்தை ஒப்பிடலாம். நாம் கொடுத்த வரிசையில்தான் அது வழி காட்டும், சிறந்த வரிசையைத் தானாகத் தேடித் தராது. அந்த வேலை நம்முடையது.

ஆனால் நம்முடைய ரூட் ஒரே கோடு. இங்கே வரிசையை ரோடே முடிவு செய்துவிடுகிறது. நம் கையில் இருப்பது, எந்தக் கிளை ரோட்டில் நுழைவது, எதில் நுழையாமல் இருப்பது என்பது மட்டும்.

அதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேடத்தின் ஊருக்குப் போகிற ரோடு அங்கேயே முடிகிறதா, இல்லை ஊரைத் தாண்டிப் போய் மெயின் ரோட்டில் வேறு இடத்தில் சேர்கிறதா? ஊரிலிருந்து இன்னொரு ரோடு மூன்று கிலோமீட்டர் போய், பன்னிரண்டாவது கிலோமீட்டரில் மெயின் ரோட்டைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது உள்ளே ஓடுவது ஐந்தரை கி.மீ., மெயின் ரோட்டில் மிச்சமாவது நான்கு. கூடுதல் ஒன்றரை கிலோமீட்டர்தான். வந்த வழியே திரும்பினால் ஐந்து. வித்தியாசத்தைப் பாருங்கள்!

மேப்பில் கோடு இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஓட்டிப் பாருங்கள். எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா, ஓடைப் பாலம் மழையில் முழுகுமா, தார் முடிந்து மண் ரோடு வருகிறதா என்று. கரிசல் மண் மழையில் நனைந்தால் டயரை விடாது. வெயில் காலத்தில் அருமையாக இருந்த குறுக்கு வழி ஐப்பசியில் காரை மாட்டவைத்துவிடும்.

காலையில் விலக்கு, மாலையில் வீடு

மேடம் காலையில் விலக்குக்கு வந்து ஏறுகிறார். வீட்டில் யாராவது டூவீலரில் கொண்டுவந்து விடுவார்கள், அல்லது அவரே ஸ்கூட்டியில் வந்து விலக்கில் தெரிந்தவர் கடையோரம் நிறுத்திவிட்டு வருவார். காலையில் சரி. ஆனால் மாலை?

கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். விலக்கு என்பது பல இடங்களில் ஒரு பெயர்ப் பலகையும் ஒரு வேப்ப மரமும்தான். அந்த நேரத்தில் ஒருவரை அங்கே இறக்கிவிட்டு, கூட்டிப் போக ஆள் வரும்வரை தனியாக நிற்கவைப்பது சரியில்லை. ஆக, காலையும் மாலையும் ஒரே பாயின்ட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். காலையில் விலக்கு, மாலையில் வீட்டு வாசல். இதில் போவது கார்காரருக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கு 12 நிமிடம். சார் ஏற்கெனவே இறங்கியிருப்பார். மேடம் ஸ்கூட்டியை விலக்கிலேயே விடுகிறார் என்றாலும், கடை பூட்டியிருக்கும் நாளில் என்ன செய்வது என்று முன்பே பேசிவிடுங்கள்.

இப்போது மொத்தம் எவ்வளவு? காலையில் அண்ணனுக்காக 2 சேர்த்து 22 கி.மீ. மாலையில் மேடத்துக்கு 5, அண்ணனுக்கு 2 சேர்த்து 27. நாளொன்றுக்கு 49. வாசலுக்கு வாசல் போயிருந்தால் 58.

பாயின்ட் என்றால் துல்லியமாக எந்த இடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விலக்கின் வாயிலேயே நிறுத்தாதீர்கள். திரும்புகிற பஸ்ஸும் லாரியும் அங்கேதான் வரும். விலக்கைத் தாண்டி கொஞ்ச தூரத்தில், வளைவு இல்லாத இடத்தில், தாரை விட்டு இடது பக்கம் முழுசாக இறங்கி நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறுகிறவர் காலையில் அந்த இடது பக்கத்திலேயே வந்து நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, காரைப் பார்த்ததும் ரோட்டைக் கடந்து ஓடிவருவதுதான் ஆபத்து.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பலரும் 'எட்டரைக்குக் கிளம்பலாம்' என்று முன்னாலிருந்து ஆரம்பிப்பார்கள். ஆபீஸ் வாசலிலிருந்து பின்னோக்கி வருவதுதான் சரி. 9.30-க்கு உள்ளே இருக்க வேண்டும். பத்து நிமிடம் கையில் வைத்துக்கொண்டால், 9.20-க்கு வாசல். கடைசி நான்கு கிலோமீட்டர் டவுன் நெரிசல், 8 நிமிடம். அதற்கு முந்தைய எட்டு எட்டு கிலோமீட்டருக்கும் 11 நிமிடம் வீதம். ஸ்டாப்புக்கு 2 நிமிடம். அப்படியே பின்னால் போனால்:

கார்காரர் வீட்டிலிருந்து கிளம்புவது: 8.38
அண்ணன் வீடு: 8.41, கிளம்புவது 8.43
விலக்கு: 8.57, கிளம்புவது 8.59
கடைசி ஸ்டாப்: 9.10, கிளம்புவது 9.12
ஆபீஸ்: 9.20

இதில் யார் பாவம் தெரியுமா? கடைசி ஸ்டாப் சார். ஓடும் தூரம் அவருக்குத்தான் குறைவு, ஆனால் எல்லோருடைய தாமதமும் அவர் தலையில்தான் விடியும். அண்ணன் சட்டை அயர்ன் பண்ண 4 நிமிடம் எடுத்தார், மேடத்தின் டூவீலர் ஸ்டார்ட் ஆக 3 நிமிடம் ஆனது என்றால், சார் வெயிலில் 7 நிமிடம் கூடுதலாக நிற்கிறார். வாசலுக்கு வர மாட்டோம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, இப்படி ரோட்டிலும் காக்கவைத்தால் இரண்டாவது வாரமே அவர் பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

அதனால் காத்திருப்புக்கு ஓர் எல்லை வேண்டும். சொன்ன நேரத்துக்கு மேல் இரண்டு நிமிடம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கார் கிளம்பும், விட்டவர் பஸ்ஸில் வருவார், கோபித்துக்கொள்ளக் கூடாது. இதை முதல் நாளே, யாரும் லேட்டாக வராத நாளிலேயே பேசி முடித்துவிட வேண்டும். யாராவது லேட்டான பிறகு பேசினால் அது அவரைச் சொல்வதுபோல ஆகிவிடும்.

வாட்ஸ்அப் குரூப்பில் தகவல் சொல்வது யார் என்பதும் முக்கியம். கார்காரர் கிடையாது. அண்ணன்தான் முதலில் ஏறுகிறார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், கை சும்மாதான் இருக்கிறது. 'கிளம்பியாச்சு' என்று போட்டுவிட்டு, லைவ் லொகேஷனை ஒரு மணி நேரத்துக்கு ஆன் செய்துவிட்டால் போதும். சார் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொண்டு, கார் விலக்கைத் தாண்டியதும் நடக்க ஆரம்பிக்கலாம். அங்கிருந்து 11 நிமிடம். ஒரு கிலோமீட்டர் நடைக்கு அநேகமாகச் சரியாக இருக்கும்.

காசு யார் எவ்வளவு?

49 கிலோமீட்டருக்கு நம் கணக்குப்படி 327 ரூபாய் பெட்ரோல். நாலாக வகுத்தால் ஆளுக்குச் சுமார் 82. ஆனால் சார் காரில் இருப்பது நான்கு கிலோமீட்டர்! அவரிடம் போக வர 82 ரூபாய் வாங்கினால் அது நியாயமில்லை, அவர் அதற்கு ஆட்டோவிலேயே போய்விடலாம்.

மெயின் ரோட்டில் யார் எத்தனை கிலோமீட்டர் காரில் இருக்கிறார் என்பதை வைத்துப் பிரியுங்கள். கார்காரர் 20, அண்ணன் 20, மேடம் 12, சார் 4. கூட்டினால் 56. இந்த விகிதத்தில் 327-ஐப் பிரித்தால் கார்காரருக்கும் அண்ணனுக்கும் 117 வீதம், மேடத்துக்கு 70, சாருக்கு 23. வளைவுகளுக்கான பெட்ரோலும் இதற்குள்ளேயே இருக்கிறது. அதைத் தனியாகப் பிரித்து, 'உங்க ஊருக்கு வந்ததுக்கு 33 ரூபாய்' என்று ஒருவர் பெயரில் எழுதுவது கணக்காகச் சரியாக இருக்கலாம், ஆனால் நாலு பேர் தினமும் முகம் பார்க்க வேண்டிய இடத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை.

'காசு வேண்டாம், வாரம் ஒருத்தர் கார் எடுக்கலாம்' என்பது இன்னொரு வழி. நம் உதாரணத்தில் அது கார்காரருக்கும் அண்ணனுக்கும் இடையில் மட்டும்தான் நடக்கும். சாரின் காரை எடுத்தால், அவர் பதினாறு கிலோமீட்டர் எதிர்த் திசையில் திருவேங்கடம் வந்து, மறுபடி வந்த வழியே போக வேண்டும். கார் கிளம்புவது எப்போதும் தூரத்து முனையிலிருந்துதான் இருக்க வேண்டும்.

வெள்ளை போர்டு, இன்ஷூரன்ஸ்: இதை மட்டும் பார்த்துவிடுங்கள்

பெட்ரோல் செலவைப் பகிர்வது வேறு, சொந்தக் காரில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 66-வது பிரிவு, வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு பெர்மிட் கேட்கிறது. 2023-ல் பெங்களூரில், ஆப் மூலம் வெள்ளை போர்டு கார்களில் காசு வாங்கி ஆள் ஏற்றுவது சட்டவிரோதம் என்று போக்குவரத்துத் துறை எச்சரித்தது பெரிய விவாதமானது. நம் நான்கு பேர் கதை அது இல்லை. ஆனாலும் வாங்கும் தொகை பெட்ரோல் செலவைத் தாண்டாமல் இருக்கட்டும். காலி சீட் இருக்கிறது என்று வழியில் நிற்பவரை காசுக்கு ஏற்றுவதும் வேண்டாம்.

ஏன் என்றால், தனியார் கார் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வாடகைக்குப் பயன்படுத்தினால் பொருந்தாது என்று அதில் ஒரு வரி இருக்கும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான்.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. காரில் உட்கார்ந்து வருகிற சக ஊழியருக்கு அடிபட்டால் பாலிசி காப்பாற்றுமா? அது எந்தப் பாலிசி என்பதைப் பொறுத்தது. 2012-ல் பாலகிருஷ்ணன் என்பவர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்தது. காம்ப்ரிஹென்சிவ் அல்லது பேக்கேஜ் பாலிசி என்றால் காரில் பயணிப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. சட்டப்படி கட்டாயமான தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் என்றால் இல்லை. பழைய கார்களுக்குப் பணத்தை மிச்சம் பிடிக்க தேர்ட் பார்ட்டி மட்டும் போடுவது நம் ஊரில் சகஜம். தனியாக ஓட்டும்போது அது உங்கள் ரிஸ்க். மூன்று பேரை தினமும் ஏற்றும்போது அப்படி இல்லை.

ஆகவே முதல் நாள் கிளம்பும் முன், கார்காரர் பாலிசியின் முதல் பக்கத்தை போட்டோ எடுத்து குரூப்பில் போடட்டும். கேட்கக் கூச்சமாக இருந்தால், அண்ணனை விட்டுக் கேளுங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும்தான் என்றால், பேக்கேஜாக மாற்ற ஆகும் கூடுதல் பிரீமியத்தையும் பெட்ரோல் மாதிரியே நாலு பேரும் பிரித்துக்கொள்ளலாம்.

ஒரு வாரம் ஓட்டிவிட்டு டைம்டேபிளை ஒருமுறை திருத்துங்கள். விலக்குக்கு 8.57 என்று எழுதிவிட்டு ஐந்து நாளும் 9.01-க்குத்தான் கார் போகிறது என்றால், தப்பு ஆட்களிடம் இல்லை, எண்ணில் இருக்கிறது. ஆடித்தபசு நாட்களில் மட்டும் கடைசி நான்கு கிலோமீட்டருக்கு எழுதிய 8 நிமிடத்தை மறந்துவிடுங்கள். அன்றைக்கு சங்கரன்கோவிலுக்குள் எந்தத் தெருவைத் திருப்பிவிடுவார்கள் என்று கார்காரரைவிட கடைசி ஸ்டாப் சாருக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த நாட்களில் வழி சொல்கிற வேலையை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.